மாத நடுவில் மொபைல் பிளானை மாற்றினால் பில் எப்படி வரும்?

டர்பனில் மாதச் சந்தா சிம் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பில் மாதம் 1-ஆம் தேதி தொடங்குகிறது, பணம் முன்கூட்டியே டெபிட் ஆர்டரில் போய்விடும். இப்போது 600 ரேண்ட், 20 ஜிபி. ஜூன் 16-இல் 900 ரேண்ட், 40 ஜிபி பிளானுக்கு ஏறுகிறார். விலைகள் கணக்குக்காக வைத்தவை.

முதலில் நாட்களை எண்ணுங்கள். ஜூனுக்கு 30 நாள், 16 முதல் 30 வரை மீதி 15.

அடுத்து பணம். பழைய பிளானில் பயன்படுத்தாத 15 நாளுக்கு 300 ரேண்ட் வரவு வைப்பார்கள். புதிய பிளானின் 15 நாளுக்கு 450 பற்று. வித்தியாசம் 150. ஜூலைக்கான 900-உடன் இதுவும் சேர்ந்து அடுத்த பில் 1,050 ஆக வரும். "900 என்றுதானே சொன்னார்கள்!" என்று பலர் குழம்புவது இங்கேதான். கணக்கில் 900 மட்டும் இருந்தால் டெபிட் ஆர்டர் திரும்பிவிடும், அதற்கு வங்கியும் தனியாகக் கட்டணம் பிடிக்கலாம்.

டேட்டாவில்தான் பெரிய சிக்கல். பல நிறுவனங்கள் பணத்தைப் போலவே டேட்டாவையும் நாள் கணக்கில் பிரிக்கும். அப்படியானால் முதல் 15 நாளுக்கு 10 ஜிபி, அடுத்த 15 நாளுக்கு 20 ஜிபி. இவரோ 15-ஆம் தேதிக்குள்ளேயே 18 ஜிபி தீர்த்துவிட்டார். கூடுதலான 8 ஜிபியை எங்கே கழிப்பார்கள்? புதிய பங்கில் கழித்தால் மீதி 12 ஜிபிதான், 40 அல்ல. பழைய பிளானின் வரம்பு மீறலாகக் கணக்கிட்டால் தனிக் கட்டணம் வரலாம். வாடிக்கையாளர் சம்மதிக்காமல் வரம்பு மீறிய டேட்டாவுக்குக் கட்டணம் போடக்கூடாது என்பது 2019 முதல் தென்னாப்பிரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இக்காசாவின் விதி. ஆனால் முன்பு எப்போதோ 'சரி' அழுத்தியிருந்தால் அந்தச் சம்மதமே செல்லக்கூடும். செயலியில் அதைப் பார்த்து அணைத்துவிடுங்கள்.

ஆகவே மாற்றும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை மூன்று: எந்தத் தேதி முதல் அமல், டேட்டா முழுதாகக் கிடைக்குமா பிரித்தா, ஏற்கெனவே வாங்கிய கூடுதல் டேட்டா பண்டில் நிலைக்குமா. இந்த ஒரு மாதம்தான் தட்டுப்பாடு என்றால், சிறிய பண்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு பிளானை 1-ஆம் தேதியிலிருந்து மாற்றுவதே என் கணிப்பில் லாபம்.

இறங்கும்போது கதை வேறு. பெரும்பாலும் மாத முடிவு வரை பழைய பிளானே ஓடும். பணம் திரும்பாது, டேட்டாவும் குறையாது. உடனே இறக்கினால் 900-க்கும் 600-க்கும் உள்ள வித்தியாசத்தில் 15 நாளுக்கான 150 ரேண்ட் கணக்கில் வரவாக நிற்கும், கையில் வராது. அடுத்த பில் 450. மாதக் கடைசி நாளில் விண்ணப்பிக்காதீர்கள்: அடுத்த பில் அதற்குள் பழைய விலையில் தயாராகியிருக்கும். ஃபோனும் சேர்த்து 24 மாத ஒப்பந்தம் போட்டிருந்தால், ஒப்பந்தம் முடியும்வரை இறங்க விடாமலும் போகலாம்.

புதிய பில் வந்ததும் வரவு, பற்று இரண்டு வரிகளும் தனித்தனியாக இருக்கின்றனவா பாருங்கள். பற்று மட்டும் இருந்தால் அந்த 15 நாளுக்கு இரண்டு பிளானுக்கும் பணம் பிடித்திருக்கிறார்கள்.