முதிர்ந்தும் கைக்கு வராத காப்புறுதிப் பணம்: யாழ்ப்பாணம் வரும்போது தேடிப் பெறுவது எப்படி

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருந்தவர்களில் பலர், அப்போது எடுத்த முதிர்வுக் காப்புறுதியை, இடையில் கட்டுப்பணம் நின்றதால் அது செத்துவிட்டது என்று எண்ணி மறந்துவிட்டார்கள். இவ்வகைப் பொலிசிகளில் குறைந்தபட்ச ஆண்டுகள், பெரும்பாலும் மூன்று, கட்டுப்பணம் செலுத்தியிருந்தால் பொலிசி முற்றாக அழிவதில்லை. காப்புறுதித் தொகை, கட்டிய அளவுக்கு ஏற்பக் குறைக்கப்பட்டு, முதிர்வு நாள்வரை உயிருடன் இருக்கும்.

என் பெரியமாமாவின் பொலிசி அப்படிப்பட்டது. 1984 நவம்பரில் இருபது ஆண்டுகளுக்கு, ஐம்பதாயிரம் ரூபாவுக்கு எடுத்தார். கட்டுப்பணம் சம்பளத்தில் கழிக்கப்பட்டு வந்தது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு அது நின்றது. பதினொரு ஆண்டுகள் கட்டியிருந்ததால், ஐம்பதாயிரத்தில் இருபதில் பதினொரு பங்கு, அதாவது 27,500 ரூபாவும் அதுவரை சேர்ந்திருந்த போனசும் 2004 நவம்பரில் அவருக்குச் சேர வேண்டியவை. இன்றைய ரூபாவில் இது பெரிய தொகையல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இதற்காக மட்டும் விமானம் ஏறாமல், ஊருக்கு வரும் பயணத்தோடு சேர்த்துச் செய்யுங்கள்.

முதல் வேலை பொலிசி இலக்கத்தைக் கண்டுபிடிப்பது. பத்திரமே வேண்டுமென்றில்லை. மாமாவின் தகரப் பெட்டியில் மக்கிய றப்பர் பட்டி சுற்றிய சம்பளச் சீட்டுக் கட்டொன்று கிடந்தது. சீட்டுகளில் கழிப்புத் தொகை மட்டும் இருந்தது, இலக்கம் இல்லை. ஆனால் கட்டின் அடியில் மடித்து வைத்திருந்த ஒரு போனஸ் அறிவித்தல் கடிதத்தின் மேல்மூலையில் இலக்கம் இருந்தது. கட்டுப்பணப் பற்றுச்சீட்டு, வங்கிப் புத்தகத்தில் நிலையான கட்டளையாகப் போன தொகை, வீட்டுக்கடன் எடுத்த வங்கியின் கோப்பு ஆகியவற்றையும் பாருங்கள். வீட்டுக்கடனுக்காகப் பொலிசியை வங்கியின் பெயருக்கு மாற்றியிருந்தால், கடன் தீர்ந்த பின்பும் அந்த உரித்தை வங்கி எழுதித் திருப்பித் தரும்வரை காப்புறுதி நிறுவனம் பணம் தராது.

பற்றுச்சீட்டில் இருக்கும் நிறுவனப் பெயர் இன்று பலகையில் இல்லாமல் இருக்கலாம். காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 1993இல் கம்பனியாகி, ஸ்ரீலங்கா இன்சூரன்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. தேசிய காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தை 2001இல் ஜனசக்தி வாங்கியது. இப்படிக் கைமாறிய பொலிசிகளின் பொறுப்பு புதிய நிறுவனத்தோடு தொடர்கிறது. யாழ்ப்பாணக் கிளையில் இலக்கத்தைக் கொடுத்து விசாரிக்கலாம். ஆனால் பழைய பதிவை, குறிப்பாகத் தொண்ணூறுகளுக்கு முந்தியதை, தலைமையகத்தில் தேடச் சொல்லி எழுத்தில் கேட்பதே பலன் தரும்.

கடிதத்தில் அடையாளத்துக்கு இடம் வையுங்கள். சுப்பிரமணியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனையோ விதமாக எழுதியிருப்பார்கள். பொலிசி எடுத்த காலத்துச் சான்றில் இருந்த எழுத்தும் இன்றைய கடவுச்சீட்டு எழுத்தும் இரண்டும் வேண்டும். தேசிய அடையாள அட்டையின் பழைய ஒன்பது இலக்க எண்ணையும், இருந்தால் புதிய பன்னிரண்டு இலக்க எண்ணையும், பிறந்த திகதியையும், அன்றைய யாழ்ப்பாண முகவரியையும் எழுதுங்கள். பின்னர் கேள்விகளை நேரடியாகக் கேளுங்கள்:

«மேற்படி பொலிசியின் இன்றைய நிலை என்ன, கட்டுப்பணம் எந்தத் திகதிவரை பெறப்பட்டது, குறைக்கப்பட்ட தொகையும் போனசும் எவ்வளவு, பொலிசி மீது கடன் ஏதும் உண்டா, முதிர்வுக் காசோலை முன்னரே அனுப்பப்பட்டிருப்பின் அது எந்தத் திகதியில், எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டு என்னவாயிற்று என்பவற்றை எழுத்தில் அறியத் தரவும்.»

இறுதிக் கேள்விதான் முக்கியமானது. மாமாவுக்கு வந்த பதிலில், காசோலை பழைய வீட்டு முகவரிக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது தெரிந்தது. கடன் பற்றிய கேள்வியும் வீண்போகவில்லை: 1989இல் பொலிசி மீது ஐயாயிரம் ரூபா வாங்கியதை அவரே மறந்திருந்தார். அந்தக் கடனும் வட்டியும் கழிந்து தொகை குறைந்தது. ஆனால் கடன் கொடுக்கும்போது மூலப் பத்திரத்தை நிறுவனமே ஈடாக வைத்திருந்ததால், நாங்கள் பத்திரம் தொலைந்ததாகச் சமாதான நீதவான் முன்னிலையில் முடிக்கவிருந்த சத்தியக் கடதாசி தேவையில்லாமற் போயிற்று. ஆகவே கடன் பற்றிய பதில் வரும்வரை, பத்திரம் தொலைந்ததென்று பொலிஸ் முறைப்பாட்டுக்கு ஓடாதீர்கள்.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் ஒப்புக்கொண்டால், கையெழுத்திடும் விடுவிப்புப் படிவமும், பொலிசி எடுத்தவரின் பெயரிலேயே உள்ள ரூபாக் கணக்கின் விவரமும் கேட்பார்கள். உறவினர் கணக்கைக் கொடுத்தால் பெரும்பாலும் படிவம் திரும்பி வரும். ஊரில் நிற்கும் நாட்களிலேயே வங்கிக்குப் போய், தூங்கிக் கிடக்கும் பழைய கணக்கை உயிர்ப்பித்துவிடுவது நல்லது. பொலிசி எடுத்தவர் வர முடியாதவராயின், இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோனித் தத்துவத்தோடு வாருங்கள். அவர் முதிர்வு நாளுக்குப் பின்னர் காலமாகியிருந்தால், பணம் அவருடைய சொத்தின் பகுதியாகக் கருதப்படலாம் என்பதால், பொலிசியில் பெயர் குறிக்கப்பட்டவர் என்பதை மட்டும் நம்பிப் போகாமல், என்ன ஆவணம் வேண்டும் என்று முதலில் எழுதிக் கேளுங்கள்.

நிறுவனம் பதில் தராவிட்டாலோ மறுத்தாலோ, அக்கடிதங்களின் பிரதிகளோடு காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் அல்லது கொழும்பிலுள்ள காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அங்கேயும் முதலில் கேட்பது, நீங்கள் நிறுவனத்துக்கு எழுதியதற்கான சான்றைத்தான்.