ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்கும்போது: தேதியிலும் வரியிலும் நடக்கும் தவறுகள்

சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர் ஹைதராபாத்தில் உள்ள ஒரு கம்பெனிக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆஃபர் லெட்டரில் ஜாயினிங் போனஸ் மூன்று லட்சம், குடிபெயரும் செலவுக்கு, அதாவது ரீலொகேஷனுக்கு, ஒரு லட்சம். கூடவே ஒரு நிபந்தனை: "சேர்ந்த நாளிலிருந்து 12 மாதங்கள் முடிவதற்குள் எந்தக் காரணத்தால் பணி முடிந்தாலும் இந்த இரண்டு தொகைகளையும் முழுமையாகத் திருப்பிச் செலுத்த வேண்டும்."

2024 நவம்பர் 18 அன்று சேருகிறார். டிசம்பர் சம்பளத்தோடு இரண்டு தொகையும் வருகின்றன. அவருடைய வருமானம் 30 சதவீத வரி வரம்பில் இருப்பதால், செஸ்ஸையும் சேர்த்து 31.2 சதவீதம் டி.டி.எஸ். போய்விடுகிறது. நான்கு லட்சத்தில் 1,24,800 ரூபாய் வரிக்கு. கையில் கிடைத்தது 2,75,200. அடுத்த ஆண்டு வேறு நல்ல வாய்ப்பு வருகிறது. 2025 ஆகஸ்ட் 16 அன்று ராஜினாமா கொடுக்கிறார். நோட்டீஸ் 90 நாள், கடைசி வேலை நாள் நவம்பர் 14. ஃபுல் அண்ட் ஃபைனல், அதாவது விலகும்போது கம்பெனி போடும் இறுதிக் கணக்கு, வரும்போது அதில் நான்கு லட்சம் பிடித்தம் இருக்கிறது. 12 மாதம் நிறைவாவது நவம்பர் 17 அன்று. மூன்று நாள்தான் குறை.

இந்தக் கணக்கில் கம்பெனி எந்த ஏமாற்று வேலையும் செய்யவில்லை. எழுதியிருந்ததைத்தான் செய்தது. கையெழுத்துப் போடும்போது எல்லோரும் தொகையைப் பார்க்கிறார்கள். பணம் போவதோ பெரும்பாலும் தேதியிலும் வரியிலும்தான்.

முதலில் தேதி. "ஒரு வருஷம் இருக்கணும்" என்று மனதில் பதித்துக்கொள்வதுதான் ஆரம்பத் தவறு. அந்த ஒரு வருஷம் எந்த நாளில் தொடங்குகிறது, எந்தச் செயலை வைத்து முடிகிறது என்ற இரண்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில இடங்களில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். சில இடங்களில் பணம் கொடுத்த நாளிலிருந்து. அப்படியானால் நம் ஆள் டிசம்பர் கடைசி வரை இருந்திருக்க வேண்டும். முடிவிலும் இதே சிக்கல் உண்டு. "பணி முடிந்தால்" என்று இருந்தால் கடைசி வேலை நாள்தான் கணக்கு. "12 மாதத்துக்குள் ராஜினாமா கொடுத்தால்" என்று இருந்தால் மெயில் அனுப்பிய தேதியே கணக்கு. அந்த வாசகத்தின்படி அவர் நவம்பர் 17 வரை ராஜினாமா மெயிலையே அனுப்பக் கூடாது. அதற்கு மேல் 90 நாள் நோட்டீஸும் இருக்கிறது. ஆக, அது நடைமுறையில் 15 மாத ஒப்பந்தம். ஆஃபர் லெட்டரைப் படிக்கும்போதே இந்த இரண்டு தேதிகளையும் காலண்டரில் குறித்துவிடுவது நல்லது. வாசகம் தெளிவாக இல்லையென்றால் எச்.ஆரிடம் மெயிலில் கேட்டு, மெயிலிலேயே பதில் வாங்க வேண்டும். போனில் சொன்னதை ஒரு வருஷம் கழித்து யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சொன்னவரே அங்கே இல்லாமலும் போகலாம்.

தேதியைச் சரியாகக் கணக்குப் போட்டவர்களும் கடைசியில் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. கடைசி நாள் நவம்பர் 20 என்று திட்டமிட்டு ராஜினாமா கொடுத்திருப்பார்கள். வேலையை ஒப்படைத்து முடித்ததும் மேனேஜர், "இனி இங்கே பெரிய வேலை இல்லையே, பத்தாம் தேதியே கிளம்பிக்கோங்க" என்பார். புதிய கம்பெனியும் சீக்கிரம் வரச் சொல்லி அவசரப்படுத்திக்கொண்டிருக்கும். சந்தோஷமாகச் சரி என்று சொன்னால் சிஸ்டத்தில் கடைசி வேலை நாள் பத்தாம் தேதி ஆகிவிடும். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். போனஸ் நிபந்தனை அவருக்குத் தெரிந்திருக்காது. முன்கூட்டியே விடுவிக்கச் சம்மதிக்கும் முன், போனஸ் பிடித்தம் இருக்காது என்று எச்.ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் முழு நோட்டீஸும் இருந்துவிட்டே கிளம்புங்கள்.

அடுத்தது "முழுமையாக" என்ற வார்த்தை. 11 மாதம் வேலை பார்த்தவரும் இரண்டு மாதத்தில் ஓடியவரும் ஒரே தொகையைத் திருப்பிக் கொடுப்பது நியாயமில்லை என்று தோன்றும். ஆனால் ப்ரோ-ரேட்டா, அதாவது இருந்த மாதங்களுக்கு விகிதாச்சாரமாகக் கழித்துக்கொள்வது, தானாக வராது, எழுதியிருந்தால்தான் உண்டு. நம் உதாரணத்தில் அவர் 11 மாதங்களை முடித்துவிட்டார். ப்ரோ-ரேட்டா இருந்திருந்தால் மீதி ஒரு மாதத்துக்கு நான்கு லட்சத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, 33,333 ரூபாய் கொடுத்தால் போதும். ஒரே ஒரு வாக்கியம் இல்லாததன் விலை 3,66,667 ரூபாய். என்னைக் கேட்டால், ஆஃபர் பேச்சுவார்த்தையில் போனஸை இன்னும் ஐம்பதாயிரம் உயர்த்தக் கேட்பதைவிட இந்த வாக்கியத்தைக் கேட்பது மேல். கம்பெனிக்கு அன்றைக்குச் செலவு எதுவும் இல்லாததால் இதற்குச் சம்மதிக்க வைப்பதும் சுலபம். கூடவே, "கம்பெனி ஆட்குறைப்பு செய்தால் திருப்பிக் கேட்க மாட்டோம்" என்ற விலக்கையும் கேளுங்கள். "எந்தக் காரணத்தால் பணி முடிந்தாலும்" என்ற வாசகத்தை அப்படியே விட்டால், அவர்களே வேலையை விட்டு எடுத்தாலும் பணத்தைத் திருப்பிக் கேட்க அது இடம் கொடுக்கும்.

இப்போது வரி. ஆட்கள் அதிகம் அதிர்ச்சி அடைவது இங்கேதான். கையில் வந்தது 2,75,200. கேட்பதோ நான்கு லட்சம். எச்.ஆரிடம் கேட்டால், "நாங்க நாலு லட்சம் கொடுத்தோம், வரி உங்க பேர்ல கட்டியிருக்கோம்" என்பார்கள். அவர்கள் கணக்கில் அது சரிதான். அந்த 1,24,800 ரூபாய் திரும்ப வருமா என்பது திருப்பிக் கொடுக்கும் நாள் மார்ச் 31-க்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்தது.

டிசம்பரில் வாங்கி பிப்ரவரியில் விலகினால் இரண்டும் ஒரே நிதியாண்டு. பேரோலில், அதாவது கம்பெனியின் சம்பளக் கணக்கில், அந்த ஆண்டு வருமானத்திலிருந்தே தொகையைக் கழித்து, வரியை மறுபடி கணக்கிட்டு, ஃபார்ம் 16-ல் குறைந்த சம்பளத்தையே காட்டலாம். கூடுதலாகப் பிடித்த வரி கணக்கில் சரியாகிவிடும். மார்ச்சைத் தாண்டிவிட்டால் போன ஆண்டுக் கணக்கு மூடியாகிவிட்டது. திருப்பிக் கொடுத்த போனஸைப் பழைய ஆண்டு வருமானத்திலிருந்து கழிக்க நேரான வழி கிடையாது. அப்போது செய்யக்கூடியது, திருப்பிக் கொடுக்கும் ஆண்டின் சம்பளத்தில் அதைக் கழிக்கச் சொல்வது.

இங்கே ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்குத்தாளை உற்றுப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு பக்கம் இருக்கும்: ஒன்று வருமானம், இன்னொன்று பிடித்தம். போனஸ் தொகை வருமானப் பக்கத்தில் மைனஸ் குறியோடு வந்தால் வரிக்கு உட்பட்ட சம்பளமே குறையும், வரியும் குறையும். அதே தொகை பிடித்தப் பக்கத்தில் வந்தால், முழுச் சம்பளத்துக்கும் வரி பிடித்த பிறகு கையில் வரும் பணத்திலிருந்து கழிப்பார்கள். வரியில் ஒரு பைசா குறையாது. வரைவு கணக்கு வந்தவுடன் இதைப் பார்த்து, தவறான பக்கத்தில் இருந்தால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இறுதி செய்தபின் மாற்ற வைப்பது கஷ்டம். எல்லாப் பேரோல் குழுவும் ஒத்துக்கொள்ளாது; ஆனால் கேட்காதவருக்குத் தானாகச் செய்து தரவும் மாட்டார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, தொல்லை விட்டால் போதும் என்று வெளியேறிய பிறகு பேங்க் டிரான்ஸ்ஃபர் போட்டு முடித்துக்கொள்வது. அந்தப் பணம் பேரோலுக்குள் போகாததால் பெரும்பாலும் ஃபார்ம் 16-ல் எங்கும் தெரியாது. முடிந்தவரை கடைசி மாதச் சம்பளத்திலும் லீவுக்கான பணத்திலும் கழிக்கச் சொல்லுங்கள். போதாத மிச்சத்தை மட்டும் டிரான்ஸ்ஃபர் செய்துவிட்டு, எதற்காகப் பெற்றோம் என்று கம்பெனியிடம் கடிதம் வாங்குங்கள். அந்தத் தொகையை ரிட்டர்னில் எப்படிக் காட்டுவது என்பதை ஆடிட்டரிடம் கேட்டுச் செய்வதுதான் பாதுகாப்பு. இதே தாளில் திருப்பிக் கேட்கும் தொகைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் அதையும் கேள்வி கேளுங்கள். நோட்டீஸ் பணத்துக்கும், சொன்ன காலத்துக்கு முன் விலகினால் கட்டச் சொல்லும் பாண்ட் தொகைக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3 அன்று சுற்றறிக்கையே விட்டிருக்கிறது.

ரீலொகேஷன் தொகையை போனஸின் வால் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. பல இடங்களில் அதற்குத் தனிக் கொள்கை, தனிக் காலம். மொத்தமாகக் கையில் கொடுத்திருந்தால் மேலே சொன்ன வரிக் கணக்கேதான். பேக்கர்ஸுக்கும் சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கும் கம்பெனியே நேரடியாகக் கட்டியிருந்தால், எவ்வளவு கட்டினார்கள் என்பதே நமக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழித்துத்தான் ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து பில் தொகை வரும். குடிபெயர்ந்த மாதமே பில் நகல்களை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கேட்கும் தொகைக்கு பில் காட்டச் சொல்வது தப்பில்லை.

"பாண்ட் எல்லாம் கோர்ட்டில் நிற்காது, கொடுக்காமல் போய்விடு" என்று நண்பர்கள் சொல்வதை நம்பிப் போவது ஆபத்து. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டு முடிவதற்கு முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே ஊழியருக்கு முன்பணம் எதுவும் தரவில்லை. ஜாயினிங் போனஸில் பணமே கைமாறியிருப்பதால் கம்பெனியின் பக்கம் இன்னும் வலுவாக இருக்கும். அதேசமயம் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் அபராதமாக ஒரு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்; வாங்கிய மூன்று லட்சத்துக்கு ஆறு லட்சம் கேட்டால் அதை எதிர்க்க இடம் உண்டு. பி.எஃப். பணத்தில் கம்பெனி கைவைக்க முடியாது. பாக்கியைக் காட்டி அதை முடக்குவதாக மிரட்டினால் பயப்பட வேண்டாம்.

கடைசியாகப் புதிய கம்பெனி. "அந்த நாலு லட்சத்தை நாங்க பார்த்துக்கறோம்" என்று சொன்னவுடன் ராஜினாமா கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் கொடுக்கும் நான்கு லட்சமும் சம்பளமாகத்தான் வரும். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு மறுபடியும் கையில் 2,75,200தான் மிஞ்சும். வரி போக நான்கு லட்சம் கையில் வர வேண்டுமானால் அவர்கள் சுமார் 5,81,400 ரூபாய் கொடுக்க வேண்டும். அந்தத் தொகையைத்தான் ஆஃபரில் கேட்க வேண்டும். அந்தப் பணத்துக்கும் அவர்கள் ஒரு 12 மாத நிபந்தனை போட்டிருப்பார்கள். அது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது, ப்ரோ-ரேட்டா உண்டா என்பதையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.