மழைநீர் சேகரிப்புப் பாடம்: 12,000 லிட்டர் எங்கிருந்து வந்தது?

"எங்க மாடி 600 சதுர அடி மிஸ். 20 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 12,000 லிட்டர் கிடைக்கும்" என்றாள் ஆறாம் வகுப்பு மாணவி. பெருக்கல் சரி, விடை தவறு. 12,000 லிட்டர் என்பது சென்னைத் தெருக்களில் ஓடும் ஒரு பெரிய தண்ணீர் லாரியின் கொள்ளளவு. ஒரு நாள் மழையில் சிறிய மாடியில் அவ்வளவு சேராது என்பது அவளுக்கே தெரியும். ஆனால் அப்படி ஒப்பிட்டுப் பார்க்க நான் சொல்லித்தரவில்லை.

சதுர அடியை அப்படியே மில்லிமீட்டரால் பெருக்கியதுதான் பிழை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால்தான் ஒரு லிட்டர். ஒரு சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 10.76 சதுர அடி. ஆகவே 600 சதுர அடி சுமார் 56 சதுர மீட்டர். 56 × 20 = 1,120 லிட்டர். தளம் உறிஞ்சுவதும் தேங்கி உலர்வதும் போக 80 சதவீதம் வழிந்து வரும் என்று கொண்டால், சுமார் 900 லிட்டர்.

சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் 40 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம் உள்ள தட்டையான தட்டில் ஒரு லிட்டர் ஊற்றுங்கள். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஒரு செ.மீ. உயரம் நிற்கும். 'மில்லிமீட்டர் மழை' என்பது நீரின் உயரம் என்று அப்போதுதான் பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது.

பிள்ளைகள் செய்துவரும் மாதிரி வீட்டில் நடக்கும் தவறு வேறு. தெர்மாகோல் வீடு, நீல வண்ணம், அம்புக்குறிகள் எல்லாம் இருக்கும், தண்ணீர் மட்டும் ஓடாது. கூரைக்குப் போடும் மண் ஓடு ஒன்று, பிஸ்கட் டின் மூடி ஒன்று, இரண்டையும் சாய்த்து வைத்தால் போதும். இரண்டின் மேலும் பூவாளியால் ஒரு லிட்டர் தெளித்து, கீழே சேர்வதை அளக்கச் சொல்லுங்கள். காய்ந்த ஓட்டில் குறைவாகவும் டின்னில் அதிகமாகவும் வரும். அந்த 80 சதவீதம் ஏன் கணக்கில் வருகிறது என்பதை அவர்களே சொல்வார்கள். பாட்டிலில் மணல், கூழாங்கல் வடிகட்டி செய்தால், தெளிந்து வரும் நீர் குடிக்க ஏற்றதல்ல என்பதை அங்கேயே சொல்லிவிட வேண்டும். மணல் அழுக்கைத் தடுக்கும், எல்லாக் கிருமிகளையும் தடுக்காது.

வீட்டுப்பாடமாக 'மாடியை அளந்து வா' என்பது வாடகை வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தாது. மாடி பூட்டியிருக்கும். திறந்திருந்தாலும் கைப்பிடிச் சுவர் ஓரம் பிள்ளைகள் தனியாகப் போகக் கூடாது. தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. எனவே கீழே நின்று மழைநீர்க் குழாய் எங்கே முடிகிறது என்று பார்க்கச் சொல்லலாம்: உறைகிணறா, கிணறா, சம்ப்பா, தெருவா? பெரியவர் ஒருவர் மேலே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் விடை உடனே தெரியும். குழி இருந்தும் நீர் இறங்காமல் நின்றால், சேறு அடைத்திருக்கிறதா அல்லது அடியில் களிமண்ணா என்பதே அடுத்த வகுப்பின் முதல் கேள்வி.