வைட்டமின் அட்டவணைக்கு நடுவில் ஒரு பத்தி

தர்மபுரியில் நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பெடுக்கிறேன். ஸ்லைடில் "வைட்டமின் ஏ – மாலைக்கண்" என்று இரண்டே பத்தி இருந்தால், அடுத்த வாரமே ஏ-க்கு எதிரே, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வியை எழுதிவிடுவார்கள். அதனால் நடுவில் "வேலை" என்று ஒரு பத்தி சேர்த்தேன். அறிகுறிப் பத்தியை மறைத்துவிட்டு, வேலையை மட்டும் காட்டி, "இது நின்றால் என்ன ஆகும்?" என்று கேட்பேன்.

ஏ-வையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு வேலை. விழித்திரையில் ரோடாப்சின் என்ற நிறமி உருவாக அது வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பது இந்த நிறமியால்தான். அது குறைந்தால், பகலில் நன்றாக ஓடியாடும் குழந்தை பொழுது சாய்ந்ததும் வாசற்படியில் தடுக்கி விழும். இரண்டாவது, கண்ணின் மேற்பரப்பை ஈரமாக வைத்திருப்பது. அது நின்றால் வெள்ளைவிழி வறண்டு, பெரும்பாலும் காதுப்பக்கமாக நுரை போன்ற திட்டு தெரியும். அதுதான் பிட்டாட் புள்ளி. அப்படியே விட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வையே போகலாம். ஒரு வேலைக்கு ஓர் அம்புக்குறி போட்டால் போதும்.

(உணவுப் பத்தியில் கேரட்டை எடுத்துவிட்டு முருங்கைக்கீரையும் மாம்பழமும் போட்டேன். பக்கத்திலேயே கிருஷ்ணகிரி மாம்பழம் இருக்க, கேரட் எதற்கு?)

ஒரு இடத்தில் மட்டும் கவனம். பி12, ஃபோலேட் இரண்டும் செல் பெருகத் தேவை, அதனால் எது குறைந்தாலும் ரத்தசோகை ஒரே மாதிரி வரும். நரம்பு உறையைக் காப்பது பி12. எனவே ரத்தசோகையோடு பாதமும் மரத்துப்போனால், இந்த இரண்டில் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.