கிப்லா எந்தப் பக்கம்? சிங்கப்பூரிலும் வெளியூரிலும் திசை பார்க்கும் முறை

சிங்கப்பூரில் புதிதாகக் குடிவந்த வீட்டில் கிப்லா எது என்று கேட்டால், நம்மவர்களிடமிருந்து சட்டென்று வரும் பதில் "மேற்கு". தமிழ்நாட்டில் இருந்து கூடவே வந்த பழக்கம் அது. முற்றிலும் தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் சரியும் இல்லை. சிங்கப்பூரில் கிப்லா நேர் மேற்கிலிருந்து வலது கைப்பக்கம், அதாவது வடக்கு நோக்கி, 23 டிகிரி தள்ளி இருக்கிறது. திசைகாட்டிக் கணக்கில் 293 டிகிரி. நாகூரிலிருந்து பார்த்தால் சுமார் 291. கடல் கடந்து வந்தும் இரண்டு டிகிரிதான் வித்தியாசம்!

சவுத் பிரிட்ஜ் ரோட்டில், சூலியா தமிழ் முஸ்லிம்கள் 1826-ல் தொடங்கிய ஜாமியா பள்ளிவாசலுக்குப் போயிருந்தால் இதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். வாசல் கோபுரம் சாலையை ஒட்டி நேராக நிற்கும். உள்ளே தொழுகைக் கூடம் மட்டும் சாலைக்குக் கோணலாகத் திரும்பியிருக்கும்.

முதலில், ஏன் ஒரே திசை?

நபிகள் நாயகம் (ஸல்) மதீனாவுக்கு வந்த பிறகும் பதினாறு, பதினேழு மாதங்கள் ஜெருசலேமின் பைத்துல் முகத்தஸை நோக்கியே தொழுதார்கள். பிறகு மக்காவின் கஃபாவை நோக்கித் திரும்பச் சொல்லி வசனம் இறங்கியது (அல்பகரா 2:144). குபாவில் ஃபஜ்ர் தொழுதுகொண்டிருந்தவர்களுக்கு ஒருவர் வந்து செய்தி சொல்ல, அவர்கள் தொழுகையை முறிக்காமல் அப்படியே கஃபாவின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள் என்று புகாரியில் இருக்கிறது.

கஃபாவை வணங்குகிறார்களா என்று அக்கம்பக்கத்து நண்பர்கள் கேட்பதுண்டு. இல்லை. அதே அல்பகராவில் "கிழக்கும் மேற்கும் அல்லாஹ்வுக்கே" என்ற வசனமும் (2:115) இருக்கிறது. வணக்கம் அல்லாஹ்வுக்கு மட்டும். கஃபா எல்லாரும் முகம் திருப்பும் இடம். அதைச் சுற்றி நின்று தொழுபவர்கள் வட்டமாக நிற்பார்கள். அந்த வட்டத்தின் ஒரு துண்டுதான் நம் ஊர்ப் பள்ளியில் நேர்கோடாகத் தெரியும் ஸஃப்.

படி 1: எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

புறப்படும் முன்பே, போகிற ஊரின் கிப்லா எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் 293, சென்னை 288, சிட்னி 277, லண்டன் 119.

தோக்கியோவுக்கும் 293 என்றால் நம்புவீர்களா? உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டிப் பார்த்தால் மக்கா தோக்கியோவுக்குத் தென்மேற்கில் இருக்கிறது. அப்படியிருக்க கிப்லா எப்படி வடமேற்கில்? தட்டை வரைபடம் உருண்டையான பூமியை இழுத்து விரித்துக் காட்டுவதால் வரும் குழப்பம் இது. ஓர் உலக உருண்டையில் தோக்கியோவில் ஒரு நூல் முனையை வைத்து, மக்கா வரை இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் முதலில் வடமேற்காக ஏறி, பிறகுதான் கீழே இறங்கும். அந்த மிகக் குறுகிய வழி தொடங்கும் திசைதான் கிப்லா. வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் தோக்கியோவில் முப்பது டிகிரிக்கு மேல் தவறிவிடும்.

படி 2: போனைச் சந்தேகப்படுங்கள்

செயலியில் கஃபா படத்தோடு அம்புக்குறி ஆடும். கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கெடுப்பது போனுக்குள் இருக்கும் காந்த உணரி. ஹோட்டல் கட்டிலின் இரும்புச் சட்டம், காந்தம் வைத்த போன் உறை, பக்கத்தில் ஓடும் லிஃப்ட் எல்லாம் அதைத் திசைதிருப்பும்.

சோதிப்பது எளிது. உறையைக் கழற்றுங்கள். போனை எட்டு வடிவத்தில் சில முறை சுழற்றுங்கள். பிறகு கட்டிலருகே ஒருமுறை, இரண்டு மீட்டர் தள்ளி அறை நடுவில் ஒருமுறை, ஜன்னலருகே ஒருமுறை பாருங்கள். மூன்று இடத்திலும் அம்பு ஒரே பக்கம் காட்டினால் நம்பலாம். இடத்துக்கு இடம் மாறினால் அந்த அறையில் போன் உதவாது.

கையில் சாதாரண முள் திசைகாட்டி இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முள் காட்டுவது காந்த வடக்கு. சிங்கப்பூரில் அதற்கும் உண்மை வடக்குக்கும் ஒரு டிகிரி வித்தியாசம்கூட இல்லை, விட்டுவிடலாம். தோக்கியோவில் முள் சுமார் 8 டிகிரி மேற்கே சாய்ந்து நிற்கும். ஆகவே அங்கே முள்ளின்படி 301-ஐப் பார்த்து நிற்க வேண்டும்.

ஹோட்டல் கூரையில் ஒட்டிய அம்பு பொதுவாகச் சரியாக இருக்கும். மேசை டிராயருக்குள் ஒட்டியதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள், மேசையை யாராவது நகர்த்தியிருக்கலாம்.

படி 3: சூரியனை வைத்துச் சரிபாருங்கள்

எனக்குப் பிடித்த முறை இதுதான். சூரியனுக்குப் பக்கத்தில் எந்த இரும்பும் கிடையாது.

ஆண்டுக்கு இருமுறை, மே 27 அல்லது 28-லும், ஜூலை 15 அல்லது 16-லும், சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் வரும். சிங்கப்பூர் நேரப்படி முதலாவது மாலை 5:18, இரண்டாவது மாலை 5:27. அந்த நிமிடத்தில் சூரியன் இருக்கும் பக்கமே கிப்லா. புளோக்குக் கீழே திறந்த இடத்தில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நிறுத்தினால், அதன் நிழல் இரண்டு மீட்டருக்கு மேல் நீளமாக விழும். நிழலின் நுனியில் நின்று குச்சியைப் பாருங்கள், அவ்வளவுதான். மேகம் வந்து கெடுத்தால் மறுநாள் அதே நேரத்தில் பார்த்தாலும் பெரிய பிழை வராது.

மற்ற நாட்களில் அஸ்தமனம் கைகொடுக்கும். ஜூன் மூன்றாம் வாரம் சிங்கப்பூரில் சூரியன் மறையும் இடம் கிட்டத்தட்ட கிப்லாவேதான். மார்ச், செப்டம்பர் 20-ஐ ஒட்டி நேர் மேற்கில் மறையும். அங்கிருந்து வலப்பக்கம் 23 டிகிரி திரும்ப வேண்டும். டிசம்பரில் சுமார் 46 டிகிரி. கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. முஷ்டியை அடுத்தடுத்து வைத்து எண்ணினால் போதும். "சூரியன் மறையும் பக்கம் தொழு" என்ற பழைய யோசனை ஜூனில் கச்சிதமாகவும், டிசம்பரில் மோசமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஓர் உதாரணம்: டிசம்பர் விடுமுறை, தோக்கியோ

போன் அறைக்குள் குழப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் நடுவில் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது காலை 11:35, 11:40 வாக்கில். அப்போது சூரியன் நேர் தெற்கில் தாழ்வாக நிற்கும், நிழல் நேர் வடக்கே விழும். (சிங்கப்பூரில் உச்சிவேளை நிழல் காலடியிலேயே கிடக்கும், இந்த வழி உதவாது.) தெருவில் ஒரு விளக்குக் கம்பத்தின் நிழலைப் பாருங்கள். நிழல் போகும் பக்கம் முகம் வைத்து நின்று, இடப்பக்கம் 67 டிகிரி, அதாவது ஏழு முஷ்டிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்புங்கள். அதற்கு நேரே தெரியும் ஒரு கட்டடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு அறைக்குப் போய் ஜன்னல் வழியே அதையே தேடுங்கள். தெரிந்தால், அந்தப் பக்கம் முஸல்லாவை விரிக்கலாம். கட்டடம் தூரத்தில் இருப்பது நல்லது. எதிர்வரிசைக் கடையை அடையாளம் வைத்தால் பத்தடி நகர்ந்தாலே கோணம் மாறிவிடும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

ஹனஃபி மத்ஹபில் தூரத்தில் இருப்பவருக்குக் கஃபா இருக்கும் திசை போதும்; இருபக்கமும் 45 டிகிரி வரை சாய்வு தொழுகையைக் கெடுக்காது. ஷாஃபிஈ மத்ஹபில் கஃபாவையே குறிவைக்க முயல வேண்டும். முயன்று பார்த்துத் தொழுத பிறகு திசை தவறு என்று தெரிந்தால், ஹனஃபியில் அந்தத் தொழுகை செல்லும். ஷாஃபிஈயில் தவறு உறுதியானால் திருப்பித் தொழச் சொல்வார்கள். விசாரிக்க வழியிருந்தும் விசாரிக்காமல் தோன்றிய பக்கம் நின்றவருக்கு இந்தச் சலுகை இல்லை. ஆகவே தக்பீர் கட்டும் முன் வரவேற்பறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.