நடப்புச் சொத்தா, இல்லையா? கோடு எங்கே விழுகிறது

டேலியில் ஈ.பி. டெபாசிட்டுக்கு லெட்ஜர் திறக்கும்போது நம்மில் பெரும்பாலோர் `Deposits (Asset)` என்ற குழுவில்தான் போடுவோம். பெயர் பொருத்தமாகத்தானே இருக்கிறது? ஆனால் அந்தக் குழு `Current Assets`-க்கு, அதாவது நடப்புச் சொத்துக்குக் கீழே இருக்கிறது. மின் இணைப்பு இருக்கும்வரை கைக்கு வராத பணம், நாளைக்கே வரப்போகிற பணத்தோடு சேர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. வருடக் கடைசியில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்காவிட்டால் பேலன்ஸ் ஷீட்டிலும் அப்படியே ஏறிவிடும்.

இது கைப்பழக்கத்தின் எச்சமும்கூட. 1956 கம்பெனிச் சட்டத்தின் பழைய ஆறாம் அட்டவணையில் நிலைச் சொத்து, முதலீடு, "நடப்புச் சொத்துகள், கடன்கள், முன்பணங்கள்" என்றுதான் தலைப்புகள் இருந்தன. டெபாசிட்டெல்லாம் மூன்றாவது தலைப்புக்குள் போகும். 2011 ஏப்ரல் 1 அன்றும் அதற்குப் பிறகும் தொடங்கிய நிதியாண்டுகளுக்கு அந்த வடிவம் மாறியது. இப்போது 2013 சட்டத்தின் மூன்றாம் அட்டவணை எல்லாச் சொத்தையும் நடப்பு, நடப்பல்லாதது என இரண்டாக மட்டுமே பிரிக்கச் சொல்கிறது.

எதற்காகப் பிரிக்க வேண்டும்

பேலன்ஸ் ஷீட்டைக் கையில் எடுக்கும் பேங்க் மேனேஜரோ சரக்கு தரும் வியாபாரியோ முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அடுத்த ஒரு வருடத்துக்குள் இந்தக் கம்பெனி கொடுக்க வேண்டியதைக் கொடுக்க, இதே காலத்துக்குள் பணமாகும் சொத்து போதுமா? கட்டடமும் மிஷினும் கோடிக்கணக்கில் இருக்கலாம். அடுத்த மாதம் சப்ளையருக்குப் பணம் கொடுக்க மிஷினை விற்க முடியாது. விற்றால் தொழிலே நின்றுவிடும். அதனால்தான் சொத்தின் மொத்தத்தைவிட, அதில் எவ்வளவு சுழன்று பணமாகத் திரும்பும் என்பது தனியாகத் தெரிய வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒரு பொருள் எந்தப் பக்கம் என்பதை அந்தப் பொருளே சொல்லாது. லாரி விற்கும் டீலரிடம் இருக்கும் லாரி சரக்கு. அது நடப்புச் சொத்து. அதே லாரி டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் பத்து வருடம் ஓடும். அங்கே நடப்பல்லாத சொத்து.

இனி ஒரு கணக்கை எடுத்துச் செய்து பார்ப்போம். கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்யும் சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் நான் வைத்தவை. பேலன்ஸ் ஷீட் தேதி 31.3.2025.

படி 1: சொத்துப் பட்டியலை எழுதுங்கள்

குழுப் பெயர்களை மறந்துவிட்டு லெட்ஜர் லெட்ஜராக எழுதுங்கள். நம் கம்பெனியில், லட்சம் ரூபாயில்:

- கையிருப்பும் கரண்ட் அக்கவுண்டும்: 6
- முதல் ஃபிக்சட் டெபாசிட்: 8
- இரண்டாவது ஃபிக்சட் டெபாசிட்: 12
- சரக்கிருப்பு: 45
- டீலர்கள் தர வேண்டியது: 62
- ஊழியருக்குக் கொடுத்த கடன்: 3.6
- ஈ.பி. டெபாசிட்: 5
- புது மிஷினுக்குக் கொடுத்த அட்வான்ஸ்: 7
- கட்டடம், மிஷின், தேய்மானம் போக: 90

மொத்தம் 238.6 லட்சம்.

படி 2: செயல்பாட்டுச் சுழற்சியைக் கணக்கிடுங்கள்

"ஒரு வருடத்துக்குள் பணமானால் நடப்பு" என்று பாடத்தில் படித்திருப்போம். அது பாதிதான் சரி. சட்டம் முதலில் கேட்பது செயல்பாட்டுச் சுழற்சியை: கச்சாப்பொருள் வாங்கிய நாளிலிருந்து, அது பொருளாகி, விற்று, பணமாகக் கைக்கு வரும்வரை எத்தனை நாள்?

நம் கம்பெனியில் கல்லும் மோட்டாரும் டிரம்மும் ஸ்டோரில் சராசரியாக 35 நாள் கிடக்கின்றன. கிரைண்டராக உருவாக 12 நாள். செய்து முடித்தது குடோனில் 23 நாள். டீலர் பணம் தர 75 நாள். கூட்டினால் 145 நாள்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. சப்ளையர் நமக்கு 40 நாள் கடன் தருகிறாரே என்று அதைக் கழித்துவிடுவார்கள். கழித்து வருவது, நம் கைப்பணம் எத்தனை நாள் முடங்கிக் கிடக்கிறது என்ற வேறொரு கணக்கு. சொத்தைப் பிரிக்கும் வேலையில் அந்தக் கழித்தல் கிடையாது.

145 நாள் என்பது 12 மாதத்துக்குள் அடங்கிவிடுவதால் நமக்குக் கோடு 31.3.2026-இல் விழுகிறது. சுழற்சி இவ்வளவு என்று கண்டுபிடிக்கவே முடியாத தொழில்களுக்கும் 12 மாதம் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது சட்டம்.

சுழற்சி நீளமான தொழிலில் கதை மாறும். அடுக்குமாடி கட்டி விற்கும் பில்டருக்கு நிலம் வாங்கியதிலிருந்து கடைசி வீட்டுக்குப் பணம் வரும்வரை 30 மாதம் ஆகிறது என்றால், பாதி கட்டிய வீடுகள் அவருக்கு நடப்புச் சொத்துதான், பணம் இரண்டரை வருடம் கழித்து வந்தாலும்கூட. அப்படியானால் படிக்கிறவர் ஏமாந்துவிட மாட்டாரா? அதற்காகத்தான், இந்திய கணக்கியல் தரநிலைகளை, அதாவது இண்ட் ஏ.எஸ்-ஐப் பின்பற்றும் கம்பெனிகள், ஒரே வரியில் 12 மாதத்துக்குள் வருவதும் அதற்குப் பிறகு வருவதும் கலந்திருந்தால் பிந்தையது எவ்வளவு என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே கம்பெனி கிரைண்டரும் செய்து வீடும் கட்டினால் ஒவ்வொரு தொழிலுக்கும் அதனதன் சுழற்சி.

படி 3: நான்கு கேள்விகள்

ஒவ்வொரு லெட்ஜரையும் பார்த்துக் கேளுங்கள். இது நம் சுழற்சிக்குள் பணமாகுமா, அல்லது விற்கவோ பயன்படுத்தித் தீர்க்கவோ வைத்திருப்பதா? முக்கியமாக வாங்கி விற்பதற்கென்றே வைத்திருப்பதா? பேலன்ஸ் ஷீட் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் கைக்கு வருமா? ரொக்கமோ அதற்குச் சமமானதோ என்றால், குறைந்தது 12 மாதத்துக்குத் தொடமுடியாதபடி தடை எதுவும் இல்லாமல் இருக்கிறதா? ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" வந்தால் நடப்பு. நான்குக்கும் "இல்லை" என்றால் நடப்பல்லாதது. நடுவில் மூன்றாவது பெட்டி கிடையாது.

படி 4: ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்

கையிருப்பு 6 லட்சத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. கட்டடம், மிஷின் 90 லட்சத்திலும் அப்படியே. குழப்பம் வருவதெல்லாம் இடையில் இருப்பவற்றில்தான்.

முதல் ஃபிக்சட் டெபாசிட் 2020 நவம்பரில் ஐந்து வருடத்துக்குப் போட்டது. "அஞ்சு வருஷ டெபாசிட், நீண்டகாலம்" என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் நாள் எண்ணத் தொடங்குவது டெபாசிட் போட்ட தேதியிலிருந்து அல்ல, பேலன்ஸ் ஷீட் தேதியிலிருந்து. 2025 நவம்பரில் முதிர்கிறது, எனவே 8 லட்சமும் நடப்பு. (நடப்பு என்பதாலேயே இது ரொக்கத்துக்குச் சமமானதாகிவிடாது. அந்தப் பெயருக்கு வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முதிர வேண்டும்.)

இரண்டாவது 12 லட்சம், பேங்க் கியாரண்டிக்கு ஈடாக 2028 பிப்ரவரி வரை அடமானத்தில் இருக்கிறது. பேங்கில் இருக்கும் பணம்தான், வட்டியும் ஏறுகிறது, ஆனால் எடுக்க முடியாது. நடப்பல்லாதது.

சரக்கிருப்பு 45 லட்சத்தில் இரண்டு வருடமாக நகராத பழைய மாடல் கிரைண்டர்களும் உண்டு. அவற்றை விற்கத்தான் வைத்திருக்கிறோம், ஆகவே நடப்பிலேயே இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி இப்போது விற்றால் என்ன கிடைக்கும் என்பது. அடக்க விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும் என்றால் மதிப்பைக் குறைத்து எழுத வேண்டும். இந்த 45, குறைத்து எழுதிய பிறகு வந்த தொகை.

டீலர்கள் தர வேண்டிய 62 லட்சத்தில் 4 லட்சம் கோர்ட்டில் இருக்கிறது. இந்த வருடத்துக்குள் தீர்ப்பு வரும் என்று வக்கீலே சொல்லவில்லை. தொழிலில் வர வேண்டிய பாக்கி என்ற ஒரே காரணத்துக்காக இதை நடப்பிலேயே விட்டு, வராக்கடனுக்கு மட்டும் ஒதுக்கீடு செய்யும் ஆடிட்டர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 145 நாள் சுழற்சிக்குள்ளும் வராது, 12 மாதத்துக்குள்ளும் வராது என்று நாமே நம்பும்போது அது நடப்பல்லாதது. ஒதுக்கீடு வேண்டுமா என்பது தனிக் கேள்வி. இங்கே கேஸ் வலுவானது, பணம் வரும், தாமதமாகத்தான் வரும் என்று கொள்வோம். 58 நடப்பு, 4 நடப்பல்லாதது.

ஊழியர் கடனில் மாதம் 10,000 ரூபாய் சம்பளத்தில் பிடிக்கிறோம். அடுத்த 12 மாதத்தில் வருவது 1.2 லட்சம், அது நடப்பு, மீதி 2.4 லட்சம் அடுத்த பக்கம். ஒரு லெட்ஜர் இரண்டாக உடையலாம் என்பதைப் புதியவர்கள் பலர் எதிர்பார்ப்பதில்லை.

ஈ.பி. டெபாசிட்டைக் கேட்டால் திருப்பித் தருவார்கள், ஆனால் இணைப்பைத் துண்டித்த பிறகு. தொழிலை மூடும் எண்ணம் இல்லாததால் 5 லட்சமும் நடப்பல்லாதது.

மிஷின் அட்வான்ஸில்தான் அதிகம் வழுக்குவார்கள். மிஷின் 2025 ஜூனில் வந்துவிடும், 12 மாதத்துக்குள் அட்வான்ஸ் தீர்ந்துவிடும், எனவே நடப்பு என்று வாதம் வரும். தீர்வது உண்மைதான். ஆனால் அது பணமாகத் திரும்பாது, மிஷினாக மாறும். 7 லட்சமும் நடப்பல்லாதது. கல் வாங்கக் கொடுத்த அட்வான்ஸ் என்றால் சரக்காகி, விற்று, பணமாகியிருக்கும், அது நடப்பு.

படி 5: கூட்டிச் சரிபாருங்கள்

நடப்பு: 6 + 8 + 45 + 58 + 1.2 = 118.2 லட்சம். நடப்பல்லாதது: 12 + 4 + 2.4 + 5 + 7 + 90 = 120.4 லட்சம். இரண்டும் சேர்ந்து அதே 238.6.

பிரிக்காமல் விட்டிருந்தால், கட்டடம், மிஷின் தவிர எல்லாம் நடப்பு என்று 148.6 லட்சம் காட்டியிருப்போம். நம் நடப்புப் பொறுப்புகள் 110 லட்சம் என்று வையுங்கள். நடப்புச் சொத்தை இந்தப் பொறுப்பால் வகுத்தால் வருவது நடப்பு விகிதம். அந்தக் கணக்கில் அது 1.35. சரியான கணக்கில் 1.07.

1974-இல் ரிசர்வ் வங்கி அமைத்த தாண்டன் குழுவின் இரண்டாவது முறை, நடப்புச் சொத்தில் கால் பங்காவது நீண்டகாலப் பணத்திலிருந்து வர வேண்டும் என்றது. அப்படியானால் 100 ரூபாய் நடப்புச் சொத்துக்கு நடப்புப் பொறுப்பு 75-ஐத் தாண்டக் கூடாது; அதிலிருந்து வந்ததுதான் பேங்குகளில் இன்றும் பேசப்படும் 1.33. தவறான பேலன்ஸ் ஷீட் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது; சரியானது வெகுதூரம் கீழே நிற்கிறது. கம்பெனியில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை.

தவறு வெளியே தெரியும் இடமும் இதுதான். 2021 ஏப்ரலிலிருந்து நடப்பு விகிதத்தைக் குறிப்புகளில் கொடுக்க வேண்டும்; முந்தைய வருடத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணமும் எழுத வேண்டும். ஒரு வருடம் டெபாசிட்டை அந்தப் பக்கமும் மறு வருடம் இந்தப் பக்கமும் போட்டால் விகிதம் குதிக்கும், எழுதக் காரணம் இருக்காது.

படி 6: அடுத்த வருடம் மறுபடியும்

டேலியில் நடப்பல்லாதவற்றுக்குத் தனிக் குழு திறந்து ஈ.பி. டெபாசிட்டை நிரந்தரமாக அங்கே மாற்றிவிடலாம். மற்றவற்றை அப்படிப் பூட்டி வைக்காதீர்கள். ஊழியர் கடனில் ஒவ்வொரு மார்ச்சிலும் அடுத்த 1.2 லட்சம் நடப்புக்கு வரும். மிஷின் அட்வான்ஸ் மிஷின் கணக்குக்குப் போயிருக்கும். 2028 பிப்ரவரியில் விடுபடும் அந்த 12 லட்சம் டெபாசிட் 31.3.2026-இலும் நடப்பல்லாததுதான், 31.3.2027 பேலன்ஸ் ஷீட்டில்தான் கோட்டைத் தாண்டும்.