உடை மாற்றிய படத்தில் ஜீன்ஸ் பொய்யாகத் தெரிவது ஏன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம். அவர் போட்டிருக்கும் மெல்லிய பருத்தி பேன்ட்டை அழித்துவிட்டு, ஏஐ கருவியில் இன்பெயின்டிங் செய்து, அதாவது அழித்த இடத்தை மட்டும் கருவியே வரைந்து நிரப்பும்படி விட்டு, நீல ஜீன்ஸ் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நிறம் சரியாக வந்துவிடும். ஆனாலும் ஏதோ ஒட்டவில்லை. பெரும்பாலும் குற்றவாளி வெளுப்புதான்.

டெனிமில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குத்தான் இண்டிகோ சாயம். குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. அந்தச் சாயமும் நூலின் வெளிப்புறத்தில்தான் தங்கும், நடுவில் அவ்வளவாக ஏறாது. அதனால் உரசும் இடமெல்லாம் மெல்ல வெளுக்கிறது. அதாவது, வெளுப்பு துணிக்குச் சொந்தம். வெளிச்சம் அறைக்குச் சொந்தம். கருவி இந்த இரண்டையும் குழப்பிவிடும். ஜன்னல் இடப்பக்கம் இருந்தால் இடது தொடையை மட்டும் வெளுத்து வைக்கும். நிஜத்தில் இரண்டு தொடையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வெளுத்திருக்கும், வலது தொடை நிழலில் இருக்கும், அவ்வளவுதான்.

எது வெளுப்பு, எது வெளிச்சம் என்று பார்க்க, கலர் பிக்கரை HSB-யில் வைத்து இரண்டு இடங்களைத் தொட்டுப் பாருங்கள். இதில் S என்பது நிறத்தின் செறிவு, B என்பது பிரகாசம். வெளிச்சம் மட்டும் கூடிய இடத்தில் B ஏறும், S பெரிதாக மாறாது. வெளுத்த இடத்தில் B ஏறுவதோடு S-உம் இறங்கும். கையால் திருத்துவதாக இருந்தால் அடியில் தட்டையான நீலம், அதன் மேல் வெளுப்பு லேயர், எல்லாவற்றுக்கும் மேல் மூலப்படத்தின் நிழலை, கீழே உள்ளதைக் கருமையாக்கும் மல்டிப்ளை முறையில் வையுங்கள். ஒரே லேயரில் எல்லாவற்றையும் செய்தால் பிறகு பிரிக்க முடியாது. ஒன்று கவனிக்கணும்: மூலப்படத்தின் நிழலில் பருத்தியின் பொடி மடிப்புகளும் சேர்ந்து வரும். டெனிம் தடிமனானது, அப்படிச் சுருங்காது, குறைவாக, பெரிதாக மடியும். அந்தப் பொடி மடிப்புகளை முதலிலேயே மழுக்கிவிடுங்கள்.

வெளுப்பு எங்கே விழும்? தொடையின் முன்புறம், முட்டி, இடுப்பு மடியும் இடத்தில் பக்கவாட்டில் விரியும் மீசைக் கோடுகள், முழங்காலின் பின்புறம் வலை போன்ற மடிப்புகள். மடிப்பின் முகடு வெளுக்கும், பள்ளம் கருநீலமாகவே இருக்கும். முட்டிக்குக் கீழே முன்காலையும் அதே அளவுக்கு வெளுத்தால் சாயம் போன பேன்ட் போலத்தான் தெரியும்.

அடுத்து தையல். இதில் கணக்குப் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஜீன்ஸின் இடுப்புப் பட்டன் ஏறத்தாழ 17 மி.மீ. அகலம். படத்தில் அது 15 பிக்சல் வந்தால், ஒரு மி.மீ.க்கு ஒரு பிக்சல்கூட இல்லை. ஒரு தையல் சுமார் 3 மி.மீ. நீளம் என்றால், அது 3 பிக்சலுக்கும் குறைவு. இரட்டைத் தையலின் இரண்டு வரிசைகளுக்கு இடையே உள்ள 6 மி.மீ. வெறும் 5 பிக்சல். ஆக இந்தப் படத்தில் தையல் இரண்டு மெல்லிய கோடாகத் தெரிந்தால் போதும். கருவி அரிசி அரிசியாக ஆரஞ்சு தையல் போட்டால் பொம்மைக்குத் தைத்த துணி போல ஆகிவிடும். டெனிம் நெசவில் சாய்வாக ஓடும் மெல்லிய வரியும் இந்த அளவில் தெரியாது. நெருக்கத்தில் எடுத்த படமாக இருந்தால் மட்டும் வரியைக் காட்டுங்கள். அப்போதும் இடது காலை அப்படியே கண்ணாடிபோல் திருப்பி வலது காலாக்க வேண்டாம். ஒரே துணியில் வெட்டியதால் இரண்டு காலிலும் வரி ஒரே பக்கம்தான் சாயும்.

தையல் ஓடும் இடமும் முக்கியம். வழக்கமான ஜீன்ஸில் உள்தொடையில் இரட்டைத் தையல் கால் முழுக்க ஓடும். வெளிப்பக்கத்தில் இடுப்பிலிருந்து பாக்கெட்டைத் தாண்டிச் சற்று தூரத்தோடு மேல்தையல் நின்றுவிடும். கருவி இரண்டு பக்கமும் கணுக்கால் வரை இழுத்துவிடுகிறது.

ரிவெட் என்ற சின்ன உலோகக் குமிழ் துணி இழுபடும் இடத்துக்கான பலம், அழகுப் பொட்டு அல்ல. 1873-ல் ஜேக்கப் டேவிஸும் லெவி ஸ்ட்ராஸும் காப்புரிமை வாங்கியதே பாக்கெட் ஓரம் கிழியாமல் இருக்கத்தான். முன்பாக்கெட் வாயின் இரண்டு முனை, சின்னப் பாக்கெட்டின் முனைகள், அவ்வளவு போதும். தொடை நடுவில் மிதப்பதை அழித்துவிடுங்கள். டெனிம் ஜாக்கெட்டில் பெரும்பாலும் உலோகப் பட்டன்தான். தோளில் ரிவெட் முளைத்தால் அதுவும் கருவியின் கற்பனைதான்.

வாஷைப் பொறுத்து தையலின் தோற்றமும் மாறும். துவைக்காத அடர்நீலத்தில் செம்பழுப்பு நூல் பளிச்சென்று நிற்கும். ஸ்டோன் வாஷில் தையலை ஒட்டிய மேடு வெளுத்து, பள்ளம் கறுத்து, நூலோரமே அலை அலையாகத் தெரியும். கீழ் மடிப்பில் இது கயிறு முறுக்கியதுபோல் சாய்வாக இருக்கும். தையலோரம் சமமாக இருந்தும் துணி முழுக்க வெளுத்திருந்தால், வாஷ் நம்பும்படி இருக்காது. ஆசிட் வாஷின் திட்டுகள் மட்டும் உடம்பின் மடிப்பைப் பார்த்து வருவதில்லை. அவற்றை முட்டியில் குவிக்காமல் துணி முழுக்கத் தாறுமாறாக விடுங்கள்.